மஞ்சள் தொட்ட சட்டை

பதுளையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. பிள்ளைகளின் உடுப்புகளைப் படம் பிடித்து முகநூலில் போடுவேன். வங்கிக்குக் காசு வந்ததும் கூரியரில் அனுப்புவேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருவர், கோயில் திருவிழாவுக்கென்று நாலு வயது மகளுக்குப் பாவாடை சட்டை வாங்கினார். சட்டை சிறிது என்று சொன்னபோது, "திருப்பி அனுப்புங்க, பார்க்கிறேன்" என்றேன். வந்த சட்டையின் கழுத்தோரத்தில் மஞ்சள் கறை. உடுத்தியதை எடுப்பதில்லை, காசு தர முடியாது என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் என் முகநூல் பக்கத்தில் அவர் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார்: "கள்ளக் கடை. ஏமாந்துறாதீங்க."

என் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த சோறு கையிலேயே காய்ந்தது.

"அழிச்சிட்டு ஆளை பிளாக் பண்ணு," என்றார் கணவர்.

அழித்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்று பயந்தேன். "அக்கா, உங்க கோவம் புரியுது. பேசலாமா?" என்று அதன் கீழேயே எழுதிவிட்டு அழைத்தேன்.

"உடுத்துனதுங்கிறீங்களே, சட்டை தோளுக்குக் கீழயே எறங்கலைங்க! புதுசுல மஞ்சள் வைக்காம யாராச்சும் பிள்ளைக்குப் போட்டுப் பாப்பாங்களா? உங்க வீட்டுல வைக்க மாட்டீங்களா?"

"வைப்போம் அக்கா."

"அப்பறம் எப்புடி உடுத்துனதுன்னு எழுதுனீங்க?"

ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மகளின் புது உடுப்பில் நானே மஞ்சள் வைக்கிறேன். அவருடைய சட்டையில் மட்டும் அது அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

பத்து நிமிடம் தாருங்கள் என்று வைத்துவிட்டு, திரும்பி வந்த சட்டையை அளவு நாடாவால் அளந்தேன். மார்புச் சுற்று இருபத்துநாலு அங்குலம் என்று போட்டிருந்தேன்; இருந்தது இருபத்திரண்டு. பெட்டியில் மிச்சமிருந்தவையும் அப்படியே. மொத்த வியாபாரி தந்த அளவை அளந்து பார்க்காமல் எழுதியிருந்தேன். திரும்பவும் அவரை அழைத்தேன்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. பெரிய அளவு அனுப்பவா, காசையே போடவா? ரெண்டு தரம் கூரியருக்குப் போன செலவையும் நானே தாரேன்."



"தேர் நேத்தே போயிருச்சுங்க. இனி பாவாடை என்னத்துக்கு? காசையே போடுங்க."

பாப்பா என்ன போட்டுக்கொண்டு போனாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பழைய கவுன்தான். தேர் பக்கத்துல போக மாட்டேன்னு ஓரமாவே நின்னுச்சு."

அவர் முதலில் சொன்ன அன்றே கையிலிருந்த ஒன்றை அளந்திருந்தால், சரியான சட்டை நேரத்துக்குப் போயிருக்கும்.

காசைப் போட்டு, வங்கிச் சீட்டின் படத்தை அனுப்பினேன். "கிடைச்சிருச்சு" என்று ஒரு சொல் வந்தது. தன் பதிவையும் அவரே எடுத்துவிட்டார். அளவு தவறு என்று பக்கத்தில் அறிவித்தேன். அதே சட்டையை வாங்கிய மற்ற ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்.

இருவர் பதில் அனுப்பினார்கள். சட்டை இறுக்கமாகத்தான் இருந்ததாம். பிள்ளை வளர்ந்துவிட்டதென்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்களாம்.