மைதானத்துச் சாவிக்காக ஓடியவன்

கம்பம் பக்கம் உரக்கடை வைத்திருந்த காலத்தில், நாற்பது வயது வரை நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ஆள். காலையில் கடையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்குத்தான். அப்படிப்பட்டவனை ஓட வைத்தே தீருவேன் என்று என் மனைவி தன் தலைமை ஆசிரியையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பள்ளி மைதானம் காலை நேரத்தில் சும்மா கிடந்தது. சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்ன டீச்சர்கள், கேரளாவுக்குப் போகும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மெயின் ரோட்டில் நடந்தார்கள். மைதானத்துச் சாவியைக் கொடுத்தால் பெண்களுக்கு நடையும் ஓட்டமும் சொல்லித் தருகிறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். இந்த வயசுக்கு மேல் ஓட்டமெல்லாம் வராது, யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமை ஆசிரியை மறுத்திருக்கிறார். வரும் என்று இவள் சாதிக்க, கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஒங்க வீட்டுக்காரர இருவது நிமிசம் நிக்காம ஓட வச்சுக் காட்டுங்க. சாவியத் தாரேன்."

"எத்தன வாரம் கேட்ட?" என்றேன்.

"எட்டு வாரம் போதும். ஆனா ஒம்போது கேட்டிருக்கேன்."

"ஒரு வாரம் எதுக்கு?"

"நான் யாரக் கட்டியிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

திட்டம் எளிதாகத்தான் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. முதலில் கொஞ்சம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை. வாரம் ஏற ஏற ஓட்டம் நீளும், நடை சுருங்கும். ஓய்வு நாள் மட்டும்தான் எனக்குப் பிடித்திருந்தது.

"ஒரு நிமிசமா? என்னைய என்ன பாலர் பள்ளிப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். முதல் நிமிடம் முடிவதற்குள் கைக்கடிகாரம் நின்றுபோய்விட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன்.

ஆனால் மூச்சை விடப் பெரிய தொல்லை மானம். எங்கள் பக்கத்தில் ஜவுளிக்கடைக்காரரோ உரக்கடைக்காரரோ ரோட்டில் ஓடினால், யாருக்கோ சீரியஸ் என்று அர்த்தம். முதல் நாளே ஒருவர் பைக்கை நிறுத்தி, "ஏறுங்க அண்ணாச்சி, எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆள் தெரிந்தால் நடப்பேன். தென்னந்தோப்பு மறைவு வந்தால் ஓடுவேன். மறைவு கிடைப்பதே அபூர்வம் என்பதால், கிடைத்த இடத்தில் விட்டதையெல்லாம் சேர்த்துத் தலைதெறிக்க ஓடுவேன். வீட்டுக்கு வந்து, "எல்லாம் நீ சொன்னபடிதான்" என்பேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பு ஓரமாக வலி பிடித்துக்கொண்டது. கடையில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து எலும்பை அழுத்திப் பார்த்தாள்.

"மெதுவா ஓடுனா இப்பிடி வலிக்காதே. எப்பிடி ஓடுனீக, நெசத்தச் சொல்லுங்க."

சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து சிரித்தாள். வலி நிற்க ஒரு வாரம் ஆயிற்று; அதுவரை ஓட்டத்தை நிறுத்தினாள். அந்த வாரத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓடச் சொன்னாள். கூடுதலாகக் கேட்டு வாங்கிய வாரம் அதிலேயே தீர்ந்தது.

அடுத்த முறை மொபெட்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், கழுத்தில் விசிலோடு. விசிலடித்தால் ஓட வேண்டும். இன்னொரு விசிலுக்கு நடக்க வேண்டும். எவர் நின்றாலும் கவலை இல்லை. முதல் விசிலே நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் அடித்தாள். குனிந்திருந்த வரிசை மொத்தமும் நிமிர்ந்தது.

"ஏத்தா, டீச்சரம்மா எதுக்கு வீட்டுக்காரர வெரட்டுறாக?"

"என்ன செஞ்சாகளோ!"

பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. "பேச முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். குறைங்க," என்றாள் பின்னாலிருந்து. குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னாள். ஓரத்தில் போன எருமை என்னைத் தாண்டிப் போயிற்று. ஆனால் அந்த வேகத்தில்தான், முதல் முறையாக, விசில் வந்த பிறகும் இன்னும் ஓடலாம் போலிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. உடனே நேரத்தைக் கூட்டிவிடுவாள்.

சொல்லாவிட்டாலும் கூட்டினாள். மூன்று நிமிடம், ஐந்து, எட்டு. நடுவில் நடை மட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. எட்டு நிமிடம் ஓடிய அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பொட்டாஷ் வாங்க வந்த விவசாயி ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கு?" என்றார். மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். சாவிக்கு என்றால் அவருக்குப் புரியப் போவதில்லை.

ஏழாவது வாரம் பதினைந்து நிமிடம் ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி ஐந்து நிமிடம் ஓடினேன். எட்டாவது வாரக் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி மைதானத்தில் பரீட்சை. தலைமை ஆசிரியை கடிகாரத்தோடு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு டீச்சர்கள். அத்தனை பேர் பார்த்ததும் என் கால்கள் பழைய புத்திக்குப் போயின. முதல் சுற்றிலேயே நெஞ்சு அடைத்தது. இன்று நின்றால் சாவி போச்சு, இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நிஜமாகவே பயந்தேன்.

"பேசுங்க!" என்று ஓரத்திலிருந்து கத்தினாள்.

என்ன பேசுவது? வாயில் வந்தது சரக்குப் பட்டியல்தான். யூரியா, டிஏபி, பொட்டாஷ், வேப்பம் புண்ணாக்கு என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். சொல்லுக்கு மூச்சு வேண்டுமானால் கால் அடங்கித்தான் ஆக வேண்டும். அடங்கியது. தலைமை ஆசிரியை பக்கத்தில் வந்து, கைகளை வீசி நடக்கத் தொடங்கினார்.

"நான் நடக்குறதும் நீங்க ஓடுறதும் ஒண்ணாத்தான இருக்கு?"

"வேகத்தக் கேக்கலையே மேடம். நிக்காம ஓடணும்னுதான சொன்னீக," என்றாள் என் மனைவி.

பூச்சிமருந்து வரிசைக்கு வந்தபோது இருபது நிமிடம் முடிந்தது. புல்லில் உட்காரப் போனவனை, "உக்காராதீக, நடங்க," என்று விரட்டினாள். நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். சாவி அவள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பெருமையோடு நானும் கிளம்பிப் போனேன். கேட்டுக்கு உள்ளே தலைமை ஆசிரியையே நின்றார், புது கான்வாஸ் ஷூவோடு.

"ஆம்பளைகளுக்கு அனுமதி இல்லையே," என்றார்.

"மேடம், சாவி வாங்கிக் கொடுத்ததே..."

"தெரியும். அதுக்குத்தான் நன்றி சொல்லலாம்னு நின்னேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வருத்தமாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே விசில் கேட்டது. டீச்சர்கள் நடந்தார்கள், ஓடினார்கள், நடந்தார்கள். வகுப்பு முடிந்து அவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகு, என் மனைவி விசிலைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். ஓடத் தொடங்கினாள்.

கல்லூரியில் ஓடி மெடல் வாங்கியவள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளைகளை ஓடச் சொல்லி ஓரத்தில் நின்றதைத்தான் பார்த்திருக்கிறேன். என் எட்டு வார ஓட்டம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்தாள். வேகம் குறையவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

"கடை தெறக்கலையா?"

"இன்னும் ஒரு சுத்து ஓடு," என்றேன்.