ஐந்து நார்மல்கள்

ஹார்மோன் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'நார்மல் அக்கா' என்று பெயர். குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ரத்தத்தைப் பார்த்து வைத்தது. புதிதாக ஒரு பரிசோதனை கிட் வந்து இறங்கினால், நோயாளிகளின் ரத்தத்தை அதில் ஏற்றும் முன் ஆரோக்கியமான ஐந்து பேரின் ரத்தத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஐந்தும் சரியான அளவைக் காட்டினால் கிட் தேறிவிட்டது என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிற லேப்காரர்கள், தங்களுக்கு ஊசி என்றால் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால் அவளே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்காருவாள். பதினோரு வருஷத்தில் எந்த ஹார்மோனும் அவள் உடம்பில் ஒரு புள்ளி கூடியதில்லை, குறைந்ததில்லை.

"இந்தக்காவைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டணும்" என்பான் கூட வேலை பார்க்கும் பைப்பெட். சொட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்போலக் கை நடுங்காமல் அளப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"பூட்டிட்டா உன் வேலையையும் யார் செய்வா?" என்பாள் அவள்.

கூடத்தின் தலைமை டாக்டரான மேடத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஐந்து பேரைத் தேடிப் பிடிக்கச் சலித்துப்போய், சில வருஷங்களாகவே அவள் தன் ஒரு கையிலிருந்தே ஐந்து குழாய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் லேபிள்: நா-1, நா-2, நா-3, நா-4, நா-5. எதிலும் பிசகு வைக்காதவள் வைத்த ஒரே பிசகு அது. அதை அவள் பிசகாகவே நினைக்கவில்லை. தன் ரத்தம் ஐந்து பேர் ரத்தத்துக்குச் சமம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த ஆண்டு ஆஸ்பத்திரியில் தைராய்டு அறுவைப் பிரிவு திறந்தார்கள். கால்சிடோனின் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார்கள். தைராய்டு சுரப்பிக்குள் சி செல்கள் என்று கொஞ்சம் செல்கள் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. தைராய்டு ஹார்மோனோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. அவை சுரப்பது கால்சிடோனின். ஆரோக்கியமான உடம்பில் அது இருக்கிற இடமே தெரியாது. அந்த செல்களில் புற்று வைத்தால் ரத்தத்தில் அளவு ஏறும். கட்டி வளர வளர எண்ணும் வளரும். மெடுல்லரி புற்று என்று பெயர். இந்த ஹார்மோன் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ரத்தத்தை எடுத்த கையோடு ஐஸில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரித்து, உடனே உறைய வைக்க வேண்டும். அதற்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது.

காலையில் வெறும் வயிற்றோடு வந்து தன் கையில் ஐந்து குழாய் எடுத்தாள். பெண்களுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் 286 என்று வந்தது. அடுத்தது 291. அடுத்தது 284. ஐந்தும் அப்படியே.

மேடம் தாளைப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சு பேரும் கூடப் பொறந்தவங்க மாதிரி ஒரே அளவா இருக்காங்களே. அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல கேன்சர் வருமா? கிட் குப்பை. எழுதி அனுப்பிடு."

கிட்டோடு கம்பெனியே தந்திருந்த இரண்டு சோதனைத் திரவங்கள் மட்டும் எந்த எண் காட்ட வேண்டுமோ அதையே காட்டியிருந்தன. அவள் அதையும் விடாமல் பதிவேட்டில் எழுதினாள். கீழே, 'ஐந்து நார்மல் மாதிரிகளும் தவறு. கிட் குறைபாடுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஐந்தும் ஒரே கை என்று சொல்ல ஒரு நிமிஷம் வாய் வந்தது. சொன்னால் பதினோரு வருஷத்துப் பெயர் போகும். கிட் திரும்பிப் போனது. அவள் தம்பியின் உயிரும் அந்தப் பெட்டியோடு போய்விட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஏழு வயது இளையவன். அவள் இடுப்பில் வளர்ந்தவன். பாரம் தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் அக்காவைப் பார்க்க லேபுக்கே வந்தான்.

"அக்கா, சும்மா நிக்கிறப்பவே திடீர்னு மண்டை வெடிக்குது. வேர்த்து ஊத்துது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. பத்து நிமிஷத்துல சரியாயிடுது. எனக்குள்ள ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிற மாதிரி."

"அப்பாவுக்கும் இப்படித்தான் வரும். கோவக்கார உடம்பு."

அவள் அவன் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அந்த நேரத்துக்கு அது சரியாக இருந்தது. தைராய்டு கோளாறாக இருக்கும் என்று ரத்தம் எடுத்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்த்தாள். அதுவும் சரி. சி செல்கள் என்ன செய்தாலும் டி.எஸ்.எச். காட்டிக்கொடுக்காது என்பது அவளுக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் தம்பியின் சி செல்களைப் பற்றி யார் நினைத்தார்கள்?

"நீ நார்மல்டா."

"உன்னை மாதிரியா?"

"என்னை மாதிரியேதான்."

வாசல்வரை போனவன் திரும்பினான். "மயக்க டாக்டர்கிட்ட அப்பா கதையைச் சொல்லிடவா? அம்மா சொல்லச் சொன்னாங்க."

அப்பா, பித்தப்பைக் கல்லுக்குப் போய் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்தவர். மயக்க மருந்து நம்ம குடும்பத்துக்கு ஒத்துக்காது என்பது அதிலிருந்து அம்மாவின் பேச்சு. படித்தவர்கள் முன்னால் அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

"அங்க போய் உளறிவெக்காதே. பயந்துகிட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க. அது இருபது வருஷத்துக்கு முந்தின மருந்து. யாராவது கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

"சரிங்க டாக்டர்" என்று சலாம் வைத்துவிட்டுப் போனான்.

மயக்கம் கொடுத்துக் கத்தி வைத்ததும் அவன் ரத்த அழுத்தம் இருநூற்று அறுபதைத் தாண்டியது. இறக்க இறக்க ஏறியது. பிறகு ஒரேயடியாக விழுந்தது. நாற்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினார்கள். சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதினார்கள். யாருக்குத்தான் நிற்காமல் இருக்கும் என்று அம்மா கேட்டாள். பிரேதப் பரிசோதனைக்கு அம்மாவை ஒப்புக்கொள்ளவிடாமல் தடுத்ததும் அவள்தான். ஏற்கெனவே கத்தி பட்ட உடம்பை இன்னும் ஒருமுறை அறுக்க வேண்டாம் என்றாள்.

பதினான்கு மாதம் கழித்து வேறொரு கம்பெனியின் கால்சிடோனின் கிட் வந்தது. அன்று மேடம் நேரில் பார்க்கக் கேட்டதால் பைப்பெட் ஐந்து பேரை நிஜமாகவே வரிசையில் உட்காரவைத்தான். ஐந்தாவதாக அவளையும் இழுத்து உட்காரவைத்து, "நார்மல் இல்லாம நார்மலா?" என்றான்.

நான்கு பேருக்கு இரண்டுக்குக் கீழே. ஐந்தாவது 412.

மேடம் சிரிக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார். 409. கதவைச் சாத்திவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்தார். 286, 291, 284. ஐந்து வரியையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அந்த அஞ்சு பேர் யாரு?"

அவள் தன் முழங்கை மடிப்பைக் காட்டினாள்.

மேடம் பதிவேட்டை மூடினார். பிறகு டாக்டர் குரலில் கேட்டார். "வீட்டுல யாராவது ஆபரேஷன் மேஜையில இறந்திருக்காங்களா?"

அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. லேப்காரியாக இருப்பதன் கொடுமை அதுதான். யாரும் பக்குவமாக எடுத்துச் சொல்லும்வரை காத்திருக்கும் சலுகை அவளுக்கு இல்லை. மெடுல்லரி புற்றில் நான்கில் ஒன்று பரம்பரையாக வருவது. ரெட் என்கிற ஒரு மரபணுவில் பழுது. அந்தப் பழுது தைராய்டோடு நிற்காது. சில குடும்பங்களில் சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வைக்கும். அந்தக் கட்டி நினைத்தபோது அட்ரினலினைக் கொட்டும். தலைவலி, வேர்வை, படபடப்பு. அது இருப்பது தெரியாமல் மயக்கம் கொடுத்துக் கத்தி வைத்தால் மொத்தமாகக் கொட்டும். தெரிந்திருந்தால் சில வாரம் மாத்திரை கொடுத்துப் பதப்படுத்தி, முதலில் அதை எடுத்திருப்பார்கள். தம்பி இன்றைக்கு எங்கோ ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருப்பான்.

"அப்பா. அப்புறம் தம்பி" என்றாள்.

"உனக்குப் பொண்ணு இருக்கில்ல?"

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மகளுக்கு ஏழு வயது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்த அன்று அவள் குழாயை ஐஸில் புதைத்துக்கொண்டு மூன்று மாடி ஓடினாள். வாங்கியவர் பார்த்துவிட்டு, "இதுக்கு ஐஸ் எதுக்குங்க? சும்மாவே கொண்டு வரலாமே" என்றார். அவளுக்கு அது தெரியும்.

அவளுக்கும் மகளுக்கும் ஒரே பழுது என்று முடிவு வந்தது. அட்ரினலில் இருவருக்கும் இதுவரை ஒன்றும் இல்லை. இந்த வகைப் பழுது உள்ள குழந்தைக்குத் தைராய்டை ஐந்து வயதுக்குள் எடுத்திருக்க வேண்டும் என்றார் அறுவை டாக்டர். மகளின் கால்சிடோனின் 19. புற்று ஏற்கெனவே முளைத்திருக்கிறது. ஐந்து குழாய் எடுத்த அந்தக் காலையில் மகளுக்கு ஆறு முடியவில்லை.

மேடம் பதிவேட்டைத் திருத்தச் சொன்னார். லேப் விதிப்படி எதையும் அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். அவள் ஸ்கேல் வைத்து ஐந்து கோடு போட்டாள். ஐந்து முறை தன் பெயரை எழுதினாள். கையெழுத்து சுத்தமாக இருந்தது. பைப்பெட் அந்தப் பக்கம் வரவே இல்லை.

மகளின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் அறையில் அம்மா, மகள், அவள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு. "இந்தப் பிஞ்சையும் மேஜையில போடணுமா? ஒத்துக்காதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே."

மயக்க டாக்டர் பொறுமையானவர். "அம்மா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த ஒரு வார்த்தையை வெச்சே நாங்க தேடியிருப்போம். உங்க பையன் அன்னிக்கு டாக்டர்கிட்ட இதைச் சொல்லலையா? படிவத்துல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்கே."

அம்மா திகைத்தாள். "சொல்லச் சொல்லித்தானே அனுப்பினேன். என் பேச்சைத் தட்ட மாட்டானே அவன்."

மகள் நாற்காலிக் கம்பியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நார்மல் அக்கா சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் பதிவேட்டில் ஐந்து கோடு போட்டு முடித்தவள்.

"சொல்ல வேண்டாம்னு நான்தாம்மா சொன்னேன்."

அம்மா பேத்தியின் கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "பாப்பாவைப் பத்தி எது கேக்கணும்னாலும் என்னையே கேளுங்க" என்றாள்.

டாக்டர் படிவத்தை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பேனா மேஜையின் நடுவிலேயே கிடந்தது.