ஒற்றைச் சுவரில் ஏறியவர்

கம்பெனியில் அவளுக்குப் பெயர் புவி. புவியீர்ப்பின் சுருக்கம். அறை அறையாகக் கோபுரம் ஏறி உச்சியில் மணியடிக்கும் வீடியோ விளையாட்டு ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அதில் குட்டிக் கதாநாயகன் எவ்வளவு உயரம் குதிக்க வேண்டும், எந்த வேகத்தில் விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் எழுதும் நிரலில்தான் இருந்தது. ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மூன்று அறைகளில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். கீழேயிருந்து துளைக்கும் சத்தம் வந்தால் யாரும் தலை தூக்கவும் மாட்டார்கள்.

அவள் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டோடு கிடந்தார். பொழுது போகாமல் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தவரிடம், பாதி முடிந்த விளையாட்டைப் போட்டுக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கூப்பிட்டார்.

"மணியடிச்சுட்டேன்மா. உச்சிக்குப் போயாச்சு."

அவள் நம்பவில்லை. நடுவிலிருந்த பறவைகளைத் தாண்ட கம்பெனியிலேயே திணறினார்கள்.

"எப்படிப்பா? பறவைங்க?"

"எந்தப் பறவை? நான் ஒண்ணையும் பாக்கலையே."

செய்து காட்டினார். கோபுரத்தின் இடதுபுற வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு குதித்தார். கதாநாயகப் பொம்மை சுவரை உதைத்து மேலே எழும்பி, வெளியே தள்ளப்பட்டது. அந்த நொடியே கன்ட்ரோலர் குச்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பொம்மை அதே சுவருக்கு, முன்பைவிடச் சற்று மேலே, திரும்பி வந்து ஒட்டியது. மறுபடி உதை, மறுபடி திரும்பல். எதிர்ச்சுவரே தேவையில்லை. அறைகள், பறவைகள், பூட்டிய கதவுகள் எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுவிட்டு அப்பா பல்லி மாதிரி ஏறிப் போய்விட்டார்.

இரண்டு வருட உழைப்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சுவர் போதும்.

மறுநாளே வழி கண்டாள். சுவரை உதைத்ததும் கண்சிமிட்டும் நேரத்துக்கு கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்காமல் இருப்பது. அதற்குள் பொம்மை சுவரை விட்டு விலகிவிடும். பிறகு திரும்பினாலும், வந்து சேர்வதற்குள் விழத் தொடங்கி, கிளம்பிய இடத்துக்கும் கீழேதான் ஒட்டும். எதிரும் புதிருமாக இரண்டு சுவர் இருந்தால் மட்டும் மாறி மாறி உதைத்து ஏறலாம். சோதித்தாள், வேலை செய்தது. வீட்டிலும் புதிய பதிப்பை ஏற்றினாள்.

அப்பா இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு வெடித்தார்.

"சுவத்தப் புடுங்கிட்ட, சரி. உன் வழியிலயே போறேன். ரெண்டு சுவத்துக்கு நடுவுல இருக்குற இந்தச் சந்துல குதி பட்டன அமுக்கினா கேக்க மாட்டேங்குதே."

"கொஞ்சம் முன்னாடி அமுக்கிடுறீங்கப்பா. பழகிடும்."

"முப்பது வருஷம் பிரேக் மிதிச்சவன்மா நான். எப்ப மிதிச்சேன்னு எனக்குத் தெரியாதா?"

கோபத்தில் பேசுகிறார் என்று அவள் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்த வாரமே, கோபுரத்தின் அறைகளை வரைந்த வரைபடக்காரர் அவள் மேஜைக்கு வந்தார்.

"புவி, என் சந்துல எல்லாரும் வழுக்கி விழறாங்க. என்ன பண்ணி வெச்சிருக்கே?"

இருவரும் ஆட்டத்தின் பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். சந்து மிகக் குறுகல். பொம்மை ஒரு சுவரை உதைத்து எதிர்ச்சுவரைத் தொடும்போது கன்ட்ரோலருக்கு அவள் போட்ட கண்சிமிட்டும் நேரப் பூட்டு இன்னும் விலகியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அமுக்கிய குதி பட்டன் காற்றோடு போயிற்று. திசையை மட்டும் பூட்ட வேண்டியவள், அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டியிருந்தாள்.

"அடக் கடவுளே," என்றாள். "அப்பா சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

"அப்ப சரி பண்ணிட்டு அவர்கிட்டயே முதல்ல காட்டு," என்று சொல்லிவிட்டு வரைபடக்காரர் டீ குடிக்கப் போனார்.

திருத்தம் சின்னதுதான். இடது வலது மட்டும் பூட்டில். குதி பட்டன் எப்போதும் திறந்தே. சாயங்காலம் அப்பா சந்தில் டக் டக்கென்று ஏறிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒற்றைச் சுவரையும் ஒருமுறை முயன்றார். பொம்மை கீழே கீழேதான் வந்து ஒட்டியது. உதட்டைப் பிதுக்கினார்.

"மன்னிச்சுக்கோங்கப்பா. தப்பு என்மேலதான்."

"அதான் அன்னைக்கே சொன்னேனே," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பழைய பதிப்பையும் தனியாக வைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம். அதுல மேல போனா மணி மட்டும்தான் இருந்துச்சு."

கோபுரத்தின் மூன்றாம் மாடியில் பறவை பொம்மையைக் கொத்திக் கொத்தித் தள்ளியது. விளையாட்டு விற்பனைக்கு வந்தபோதும் அவர் அந்த மாடியைத் தாண்டியிருக்கவில்லை. கால் தேறியதும் கடைத்தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். கன்ட்ரோலரைத் தொடுவது குறைந்தது. அவள் அடுத்த விளையாட்டுக்கு நீச்சல் நிரலை எழுதிக்கொண்டிருந்தாள்.