வெட்ட முடியாத வாழ்த்து

இன்று காலை துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். நான் குடியிருக்கும் வாகட் பகுதியில் பக்கத்துக் கட்டடம் எழும் சத்தம் அங்கேதான் போனில் பதிவாகாது.

எங்கள் கணக்கு டீச்சர் குல்கர்ணி மேடம் ஓய்வு பெறுகிறார். விழா அன்று எனக்கு ஷிஃப்ட் என்பதால், மராத்தியில் ஒரு நிமிட வாழ்த்தைப் பதிவு செய்து தரச் சொன்னார்கள். காதுக்காக எழுதுவதால் சின்னச் சின்ன வாக்கியங்கள், மூச்சு விட வேண்டிய இடங்களில் கோடு. கடைசியில் எல்லோரும் டீ கப்பைத் தூக்க ஓர் அழைப்பு.

ஸ்கிரிப்டைப் படித்ததும் விழாக் குழுவிலிருக்கும் என் வகுப்புத் தோழி செல்வி போன் செய்தாள்.

“பத்தாவதுல ஸ்கூல்ல நம்மள பிரைவேட்டா பரீட்சை எழுதச் சொன்னாங்க, மேடம் விடலன்னு எழுதியிருக்கியே, அத எடுத்துடுடி. பிரின்சிபல் முன்னாடியே உக்காந்திருப்பாரு.”

“முடியாது.”

“அப்ப நாங்களே கட் பண்ணிக்கிறோம்.”

ஆடியோவை வெட்ட, பேச்சில் இடைவெளி வேண்டும். அந்த இடத்துக் கோடுகளை அழித்தேன். அந்த வரியையும் கப் தூக்கும் வரியையும் கோத்து ஒரே மூச்சில் சொன்னேன்:

“ரிசல்ட் கெட்டுவிடும் என்று பள்ளி ஒதுக்கிய எங்களைப் பள்ளி மாணவர்களாகவே பரீட்சைக்கு அனுப்பினீர்களே மேடம் அதற்காகத்தான் எல்லோரும் இப்போது கப்பைத் தூக்குகிறோம்!”

இதை வெட்டினால் வாழ்த்தே இல்லை.

கேட்டுவிட்டு செல்வி, “அடிப்பாவி” என்று மட்டும் அனுப்பியிருக்கிறாள். ஒதுக்கப்பட்டவர்களில் அவளும் ஒருத்திதான்.

பிரின்சிபல் கப்பைத் தூக்குவாரா, ஆறவிடுவாரா? என்ன நினைக்கிறீர்கள்?