முட்டையும் ஜெலட்டினும் கேட்ட கடிதம்

எங்கள் பிஸ்கட் கம்பனியின் வாடிக்கையாளர் பிரிவில் அப்போது இரண்டே பேர். ஒன்று நான். மற்றவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்தவள், மருதானைப் பக்கத்து முஸ்லிம் பெண். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து அங்கேயே கலியாணம் முடித்தவள். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் எந்த இறைச்சியானாலும் ஒரு கை பார்க்கிறவள்.

அவளில் எனக்குப் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ், சிங்களம், தமிழ் மூன்றும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. மனேஜர் சேர் அறைக் கதவைத் திறந்தால் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் எழுதிய பதிலைப் பார்த்து ஒருநாள் "நீட்!" என்றார். பதினொரு வருஷத்தில் என் கடிதம் ஒன்றுக்கு அவர் தலையாட்டியதுகூட எனக்கு நினைவில்லை. தமிழ்க் கடிதங்கள் மட்டும் என்னுடையவை என்று இருந்தது. போன வருஷம் அதிலும் பாதியை அவளுடைய மேசைக்கு அனுப்பத் தொடங்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காரணமில்லாமல் புருஷனுடன் சண்டை பிடித்தேன்.

இந்தக் கடிதம் வந்த காலை அவள் பஸ் பிந்தியதால் இன்னும் வந்து சேரவில்லை. தபால் கட்டை நானே பிரித்தேன். கொப்பித் தாளில் கையால் எழுதியது. கொழும்புக்குப் படிக்க வந்து, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி. எங்களுடைய மாஷ்மெலோ நடுவில் வைத்த பிஸ்கட்டில் முட்டை இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். முனைக் கடையில் போத்தலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விற்கிறார்களாம், பக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்க வழியில்லையாம். இந்தியப் பிஸ்கட் என்றால் பச்சைப் பொட்டைப் பார்க்கலாம், உங்களுடையதில் அதுவும் இல்லையே என்று ஒரு குத்தல். பதில் எழுத்தில் வேண்டும் என்று அடிக்கோடு இட்டிருந்தாள். கீழே பெயருக்குப் பதிலாக இரண்டு முதலெழுத்துகளும், அறை விலாசமும், ஒரு டெலிபோன் நம்பரும்.

இப்படிக் கேள்வி வந்தால் அதைத் தரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து எழுதித் தர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அவள் வந்துவிடுவாள், கடிதம் அவளுடையதாகிவிடும். சேர் வருவதற்கு முன்னே என் பதில் தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. கோப்பை இழுத்து மூலப்பொருள் தாளைப் பார்த்தேன். முட்டை இல்லை. ஜெலட்டின் இருந்தது, மாட்டிலிருந்து எடுத்தது. பின்னால் அந்த ஜெலட்டினின் ஹலால் சான்றிதழ்ப் பிரதி.

ஜெலட்டின் என்று யாராவது கேட்டால் எங்கள் பிரிவில் ஒரே பதில்தான். பன்றியா என்ற பயத்தில் கேட்கிறார்கள், சான்றிதழ் பற்றிச் சொன்னால் ஆறுதல் அடைவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதி வந்தேன். "முட்டை சேர்க்கப்படவில்லை. பயன்படுத்தும் ஜெலட்டின் ஹலால் சான்றிதழ் பெற்றது. தயக்கமின்றி உண்ணலாம்" என்று அடித்தேன். அழகான தமிழ். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. ஒருத்தி எழுதினால் மற்றவள் கோப்புப் பிரதியில் கையெழுத்து வைத்த பிறகே கடிதம் வெளியே போகலாம். அவள் வந்து தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைக்க முதலே, வேறு நாலு பிரதிகளுக்கு அடியில் இதையும் சொருகி நீட்டினேன். வாசிக்காமல் வைப்பாள் என்று ஒரு நப்பாசை. அவளா விடுவாள்? மாணவியின் கடிதத்தையும் எடுத்து வைத்து இரண்டையும் வாசித்தாள்.

"அக்கா, இவ முட்டையையும் கேட்டிருக்காவே?"

"ஓம், இல்லை எண்டு எழுதியிருக்கிறன் தானே."

"அதில்ல அக்கா. ஹலால் பாக்குறவங்க ஏன் முட்டையக் கேக்கணும்? முட்ட எங்களுக்குச் சாப்பிட ஏலும் தானே. ரெண்டையும் சேத்துக் கேக்குறவங்க சைவம். இது மாட்டுத் தோல், எலும்புல எடுக்குற சாமான். அவங்களுக்குப் போய் தயக்கமில்லாம சாப்பிடுங்க எண்டு சொல்லலாமா?"

என் முகம் சுட்டது. பதினொரு வருஷம். சைவக்காரர்களோடு ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டு மாமி எங்கள் சட்டி மணத்துக்கு ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்தே வளர்ந்தவள். அது எனக்குத் தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றியது. பிழை விட்டது வெட்கம்தான். அதைக் கண்டுபிடித்தவள் இவளாகப் போனதுதான் தாங்க முடியவில்லை. "பெயர் போடேல்லையே, எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் டெலிபோனை எடுத்தாள். தரப் பிரிவில் இருந்தவரிடம் அய்யே, அய்யே என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் குழைந்து, இரண்டு நாள் வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டாள். இன்னொன்றும் தெரிய வந்தது. முட்டை சேர்த்த வேறொரு பிஸ்கட்டும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது. இடையில் கழுவுகிறார்கள், ஆனாலும் துளிகூட இராது என்று எழுதித் தர மாட்டார்களாம்.

எல்லாவற்றையும் அவளே அடித்தாள். ஜெலட்டின் உண்டு, அது மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது, சைவ உணவுக்காரருக்கு இந்தப் பிஸ்கட் பொருந்தாது. முட்டை சேர்ப்பதில்லை, ஆனால் முட்டை சேர்த்ததும் அதே இயந்திரத்தில் செய்யப்படுகிறது. கடைசியில், விலங்குப் பொருளும் முட்டையும் சேர்க்காத எங்கள் பிஸ்கட்டுகள் இரண்டின் பெயர். என் அழகான தமிழ் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"உங்கட கடிதம் தானே அக்கா, நீங்களே சைன் வைங்க."

வைத்தேன். சேரிடம் போட்டுக் கொடுக்கப் போகிறாள், அதற்குத்தான் இந்த நல்ல பிள்ளை வேஷம் என்று நினைத்துக்கொண்டே வைத்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அவள் சேரின் அறைக்குள் போகும்போதெல்லாம் என் காதைக் கதவுப் பக்கமே வைத்திருந்தேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவளை வெறுத்தேன்.

மூன்றாம் கிழமை பதில் வந்தது. கையெழுத்து என்னுடையது என்பதால் என் பெயருக்கே வந்திருந்தது. சேர் அதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, நின்றபடியே எங்கள் இருவருக்கும் வாசித்தார். மாணவியின் அம்மாவுக்கு ஊரில் பெரிய ஒபரேஷனாம். அது நல்லபடி முடியும்வரை மச்ச மாமிசமோ முட்டையோ தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்திருந்தாளாம். கூட இருக்கும் பெண்கள் பிஸ்கட்தானே என்று நீட்டும்போதெல்லாம் கையில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம். "விற்க வேண்டும் என்பதற்காக நீங்கள் மறைக்கவில்லை. நேர்த்தி முறியாமல் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அம்மா இப்போது எழும்பி நடக்கிறா. உங்களை நான் மறக்க மாட்டேன், அக்கா."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "வெரி குட் மிஸ்" என்றார். பதினொரு வருஷம் காத்திருந்த வார்த்தை. பக்கத்து மேசையில் அவள் கை தட்டினாள், உண்மையான சந்தோஷத்தோடு. இப்போதாவது சொல்லுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். வாய் வரைக்கும் வந்தது.

சேர் அவள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஒரு லெட்டர் எப்பிடி எழுதுறது எண்டு மிஸ்ஸிட்டப் பழகுங்க."

"ஓம் சேர்" என்றாள் அவள்.

நான் "தாங்க்யூ சேர்" என்றேன்.