வெளுத்துப்போன ஏலக்காயும் பத்துப் பாடங்களும்

போடியில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிக்கும் கமருதீன் அண்ணன், காயைக் கையில் எடுத்ததுமே எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். தோஹாவில் இருக்கும் நான் அவரிடம் சரக்கு வாங்கி, இங்குள்ள கடைகளுக்குப் போட்டு, ஒரே வருடத்தில் தொழிலை இழுத்து மூடினேன். அந்தக் கதையை வலைப்பதிவாக எழுதி, வெளியிடும் முன் பயந்துகொண்டே அவருக்கு அனுப்பினேன். ‘வந்த காயில் நிறம் நிற்கவில்லை’ என்று நடுவில் ஒரு வரி. முடிவில், தொழில் தொடங்குவோருக்குப் பத்துப் பாடங்கள்.

உடனே கூப்பிட்டார்.

“ஏன் மாப்ளே, பத்துப் பாடமும் ஊருக்குத்தானா? ஒனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?”

“என்னண்ணே தப்பு?”

“நிறம் நிக்கலைன்னு எழுதுனா, படிக்கிறவன் என் காயத்தானே குத்தம் சொல்லுவான்? அப்புறம் எவன் என்கிட்ட சரக்கு வாங்குவான்? கறுப்புப் பையில கட்டு, வெளிச்சம் பட்டா பச்சை வெளுத்துரும்னு நான் சொன்னேனா இல்லையா?”

சொன்னார். பச்சை வெளியே தெரிந்தால்தான் விற்கும் என்று கண்ணாடி மாதிரி பாக்கெட்டுக்கு அடம்பிடித்தது நான்தான். கடை விளக்குகளுக்குக் கீழே இரண்டே மாதத்தில் காய் வைக்கோல் நிறமாகிவிட்டது.

பத்துப் பாடங்களையும் அந்த வரியையும் அழித்தேன். ‘கறுப்புப் பை என்றார் அண்ணன், நான் கேட்கவில்லை’ என்று எழுதி மறுபடி அனுப்பினேன்.

“இப்ப சரி, வெரசா போடு. அடியில என் கடை நம்பரையும் சேர்த்துரு மாப்ளே. ஒன் தோல்வியில எனக்காவது நாலு ஆர்டர் வரட்டும்.”