யாருக்குப் பச்சை பெயின்ட்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரும்புலியூர் ஃப்ளாட் ஆண்டு விழா. நாடகம் அடியேன் எழுதியது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனைச் சும்மா விடுவார்களா?

கதை சிம்பிள். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு அடைக்கலம் தேடி வருகிறார்கள். பச்சை முகம், தலையில் ஆன்டெனா. அவர்கள் கிரகம் முழுக்கப் பாலைவனம். எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே உடை, ஒரே கோபம். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது!

ஏலியன் தலைவி வேஷம் ஸ்டெல்லா டீச்சருக்கு. தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர், ஸ்கூலில் பயாலஜி எடுக்கிறார். ரிகர்சலில் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“சார், முழுக்கப் பாலைவனம்னா மூச்சுவிட ஆக்ஸிஜன் எங்கேர்ந்து வருது? ஒரு பாசியாவது வேணாமா?”

“அது... கதைதானே மேடம்.”

“தாம்பரத்துல கொட்டுற மழை ஊரப்பாக்கத்துல தூறல்கூட போடாது. ஒரு கிரகத்துக்கே ஒரே சீதோஷ்ணமா? வாட்டர் டேங்க் எப்போ கழுவுறதுன்னு நம்ம ஃப்ளாட்டே ஒத்துப்போறதில்ல. கோடிப் பேருக்கு ஒரே குணமா?”

நான் தண்ணீர் குடித்தேன்.

அவரே வழியும் சொன்னார். முதலில் ஏலியனின் உடம்பை யோசிக்க வேண்டும், அதிலிருந்துதான் ஊர்வழக்கம். வெளிச்சமே எட்டாத பனிக்கு அடியில், கடலில் வளர்ந்த உயிருக்குக் கண் எதற்கு? அதிர்வுதான் அதற்குப் பார்வை, பேச்சு எல்லாம். அப்படியானால் கைதட்டுவது கன்னத்தில் அறைவது மாதிரி. அசையாமல் நிற்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை மதிக்காத சிலரும் அங்கே இருப்பார்கள்... எந்தக் கூட்டத்தில்தான் இல்லை?

பிரமாதம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“இன்னொண்ணு சார். மனுஷங்களா நடிக்கிறவங்க எல்லாரும் ஓனர்ஸ். ஏலியனா நடிக்கிற நாங்க எல்லாரும் டெனன்ட்ஸ். கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை. வேஷங்களைப் பிரித்தது அசோசியேஷன் செகரட்டரி. ஆனால் பூமிக்காரர் பேசும் வசனம் என்னுடையது: ‘தங்கலாம். மொட்டை மாடிக்கு வரக்கூடாது. வண்டியைத் தெருவில்தான் நிறுத்தணும்.’ என் கற்பனை என்று நினைத்திருந்தேன். அப்படியே எங்கள் அசோசியேஷன் டெனன்ட்ஸுக்குப் போட்ட ரூல்! வெட்கமாகப் போய்விட்டது.

“இதுல நாங்க நடிக்க மாட்டோம் சார்” என்றார் டீச்சர். விழா நெருங்கிவிட்டது. ஏலியன் இல்லாமல் என்ன ஏலியன் நாடகம்?

எந்தக் கிரகத்தைப் பற்றி எழுதினாலும் உள்ளூர்தான் வந்து நிற்கிறது. தப்பில்லை, கண்ணாடி அதற்குத்தான். ஆனால் ஏற்கெனவே இளப்பமாகப் பார்க்கப்படுபவர்களுக்கே பச்சை பூசுவதற்குக் கற்பனை எதற்கு? திமிர் போதும்.

கதையைத் திருப்பிப் போட்டேன். மனிதர்கள் அடைக்கலம் தேடிப் பனிக்கடல் கிரகத்துக்குப் போகிறார்கள். மனிதர்களாக நடிப்பது டெனன்ட்ஸ். கண்ணில்லாத ஏலியன்களாக ஓனர்ஸ். ‘மேல்தளத்துக்கு வராதே, விண்கலத்தை வெளியே நிறுத்து’ என்று அவர்கள் விரட்ட, அவர்களிலேயே ஒருத்தர் மட்டும் மனிதர்களுக்காகச் சண்டை போடுகிறார். டீச்சர் சம்மதித்தார்.

விழாவில் கூட்டம் கைதட்டியது. கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற ஓனர்கள் ஸ்கிரிப்ட்படி துடித்து விழுந்தார்கள். அதைப் பார்த்து டெனன்ட்ஸ் இன்னும் பலமாகத் தட்டினார்கள்!

ஏலியன் தலைவராக நடித்த செகரட்டரி, கண்கட்டை அவிழ்த்தபடி என்னிடம் வந்தார்.

“என்ன ஜென்மங்க சார் அதுங்க! நம்பி வந்தவங்களை இப்படியா நடத்துறது? நல்லவேளை, நம்ம அசோசியேஷன் அப்படி இல்ல.”